முற்றத்தில் ஒரு கிரேயான் யானை

குழந்தை வெள்ளைத் தாளில் வரைந்த நீல யானையை, வீட்டு முற்றத்துப் புகைப்படத்தில் நிற்க வைக்க வேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும்.

தாளை ஸ்கேன் செய்து, Levels கருவியில் அதன் பின்னணியைத் தூய வெள்ளையாக்குங்கள். பலரும் அடுத்து ஓவிய அடுக்கை Multiply முறைக்கு மாற்றுவார்கள். வெள்ளை மாயமாக மறையும். ஆனால் பின்னாலுள்ள செங்கல் சுவர் யானையின் வயிற்றுக்குள்ளும் தெரியும். சுவரில் வரைந்ததுபோல் வேண்டுமென்றால் இதுவே மிகச் சரியான வழி. தரையில் நிற்கும் யானைக்கோ இது உதவாது. அதற்கு மாஸ்க் போட்டு, உருவத்தைச் சுற்றியுள்ள தாளை மட்டும் மறைக்க வேண்டும். கோட்டைத் தாண்டி வழிந்த கிரேயானைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். குழந்தையின் கை அங்கேதான் இருக்கிறது.

இனி நிழல். நம்ப வைப்பது இதுதான். முற்றத்துப் பூந்தொட்டியின் நிழல் இடப்பக்கம் நீண்டிருந்தால், யானையின் நிழலும் அப்படியே விழ வேண்டும். யானை அடுக்கை நகலெடுத்துக் கறுப்பாக்கி, அசலுக்குக் கீழே வைத்து, பாதத்திலிருந்து தரையோடு சாயுங்கள். தொட்டி நிழலின் அடர்த்திக்கு இணையாகும்வரை ஒளிபுகாத்தன்மையைக் குறையுங்கள். விளிம்பு பாதத்தருகே கூர்மையாகவும், தள்ளிப்போகப்போக மங்கியும் இருக்கட்டும்.

அப்போதும் யானை மிதக்கிறதா? பாதம் தரையைத் தொடுமிடத்தில் மெல்லிய கருங்கோடு ஒன்று குறைகிறது. அதை வரையுங்கள்.