பையும் பாட்டிலும்
(‘உரமும் உழவரும்’ தொடர் – 9)

புதிய உரம் ஒன்றை உழவரிடம் கொண்டுசேர்க்க நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் வழி செயல்விளக்கத் திடல் ஆகும். அதாவது, ஊரறிந்த ஒருவரின் வயலில் ஒரு பகுதிக்குப் புதிய உரத்தையும் மறுபகுதிக்கு வழக்கமான உரத்தையும் இட்டு, பயிர் வளர்ந்து நிற்கும் நாளொன்றில் சுற்றுவட்டார உழவரை அழைத்து வரப்பில் நிறுத்தி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவதாகும். அந்நாளில் உழவர் காதால் கேட்பது ஒரு பேச்சு. கையில் பெறுவது ஒரு துண்டுப் பிரசுரம். இவ்விரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கக்கூடும் என்பதற்கு, 2021 மே 31 அன்று இப்கோ நிறுவனம் அறிமுகப்படுத்திய நானோ யூரியா தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பேச்சின் உயிர்நாடி ஒரே வாக்கியம்தான்: 240 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்த 500 மில்லி பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்பதே அது. மண்ணில் இடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகியும் நீரோடு கரைந்தும் வீணாகிறது என்பதும், மிக நுண்ணிய துகள்களாக இலையில் தெளிக்கப்படுவது இலைத்துளைகளின் வழியே நேராகப் பயிருக்குள் சென்றுவிடும் என்பதும் அதற்குத் தரப்படும் விளக்கம். முதற்பாதி முற்றிலும் உண்மை. நெல் வயலில் இடப்படும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பயிர் எடுத்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்களவே எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

துண்டுப் பிரசுரமோ வேறொன்றையும் சொல்கிறது. ஒரு லிட்டர் நீருக்கு 2 முதல் 4 மில்லி வீதம், தூர் கட்டும் பருவத்தில் ஒருமுறையும் பூப்பதற்கு முன் ஒருமுறையும் தெளிக்க வேண்டும் என்ற குறிப்போடு, டிஏபி, காம்ப்ளக்ஸ் வழியாக அடியுரமாகக் கிடைக்கும் தழைச்சத்தைக் குறைக்கக் கூடாது, பின்னர் தவணைகளாக இடும் மேலுர யூரியாவை மட்டுமே குறைக்கலாம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. பேச்சைக் கேட்ட உழவர் அந்த வரியைப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டால், இழப்பு அவருடைய வயலில்தான் நேரும்.

ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடாகுமா என்ற கணக்கைப் பாட்டிலின் முகப்பிலேயே உள்ள விழுக்காட்டைக் கொண்டு எவரும் போட்டுப் பார்க்கலாம். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு; ஆகவே ஒரு மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ உண்டு. தொடக்கத்தில் விற்கப்பட்ட நானோ யூரியாவில் அது 4 விழுக்காடு. ஆகவே ஒரு பாட்டிலில் 20 கிராம். காவிரிப் படுகையின் மத்திய கால நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ என்ற பரிந்துரைப்படி ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து தேவை. நான்கு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 15 கிலோ. அதில் மூன்றில் இரு பங்கு வீணாகிறது என்றே கொண்டாலும் 5 கிலோ பயிரைச் சேருகிறது. பாட்டிலிலுள்ளது ஒரு துளிகூடச் சிந்தாமல் முழுவதும் இலைக்குள் சென்றாலும் சேருவது 20 கிராமே. துகள் எவ்வளவு நுண்ணியதாயினும், நெல்மணியின் புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜனின் எடையை அது கூட்டித் தந்துவிடாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ஈராண்டுகள் நடத்திய ஆய்வில், பரிந்துரைத்த தழைச்சத்தில் பாதியைக் குறைத்து நானோ யூரியாவைத் தெளித்தபோது, முழு அளவு இட்ட வயலைவிட நெல்லின் விளைச்சல் ஏறத்தாழ 13 விழுக்காடும் கோதுமையின் விளைச்சல் 21 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்தன.

எனினும், திடலில் நிற்பவர் கண்ணுக்கு இது எளிதில் புலப்படாது. அடியுரத்தோடு முந்தைய பருவங்களின் சத்தும் மண்ணில் தேங்கியிருப்பதால், ஒரு தவணை யூரியா குறைந்தாலும் பயிர் சில வாரங்கள் பச்சை மாறாமல் நிற்கும். உழவரை அழைத்துக் காட்டும் நாளும் பெரும்பாலும் அறுவடைக்கு முன்னரே, அந்தப் பச்சை நீடிக்கும் காலத்தில்தான் அமைகிறது. திடல் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் மூன்றாவது துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும்: அதே அளவு யூரியாவைக் குறைத்து, நானோ யூரியாவுக்குப் பதில் வெறும் நீரைத் தெளித்த துண்டு. நானோ தெளித்த துண்டும் வெறும் நீர் தெளித்த துண்டும் ஒன்றுபோல் இருக்குமானால், அங்கே பயிரை வளர்த்தது பாட்டில் அன்று, மண்ணே ஆகும். பெரும்பாலான திடல்களில் இத்துண்டு விடுபடுகிறது என்பதே அவற்றின் பெருங்குறை.

அத்தகைய திடல் அமையாத ஊரில், உழவர் தம் வயலிலேயே இம்மூன்று துண்டுகளையும் வரப்பு கட்டி, நீர் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து வைத்துக்கொள்ளலாம். அறுவடையன்று ஒவ்வொன்றின் நடுவிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அதிலுள்ள கதிரைத் தனியே அடித்து எடை போட்டால் போதும். வழக்கமான உரமிட்ட துண்டின் சதுரத்தைவிட மற்றொன்றில் ஒரு கிலோ நெல் குறைந்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கிலோ குறைகிறது என்று பொருள்.