பெல் அரை மணி முந்தினால் பஸ் எத்தனை மணிக்கு வரும்?

பள்ளி நேரம் மாறும்போதெல்லாம் பெற்றோருக்கு ஒரு வரியில் அறிவிப்பு வந்துவிடும்: ‘திங்கள் முதல் பள்ளி 8.30-க்குத் தொடங்கும். பஸ்கள் அரை மணி நேரம் முன்னதாக வரும்.’ படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி, பழைய நேரத்தில் முப்பது நிமிடத்தைக் கழித்துக்கொண்டு தெருமுனைக்கு வருகிற சில பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். பெல் எவ்வளவு நகர்கிறதோ அதே அளவு எல்லா ஸ்டாப்பும் நகர்வதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். புறநகரில் பதினான்கு ஸ்டாப் உள்ள ஒரு ரூட். பழைய ஏற்பாட்டில் முதல் ஸ்டாப் 7.40, ஒன்பதாவது ஸ்டாப் 8.20, கடைசி ஸ்டாப் 8.35. பள்ளிக்குள் நுழையும்போது 8.45. முதல் ஒன்பது ஸ்டாப்பும் நகருக்குள் குறுகிய தெருக்களில் இருப்பவை. அங்கே காலை ஏழு மணியானாலும் எட்டு மணியானாலும் பஸ் ஒரே வேகத்தில்தான் போகும். ஒன்பதாவது ஸ்டாப் தாண்டியதும் ரயில்வே கேட், அதன்பிறகு மெயின் ரோடு.

பெல் 9.00-லிருந்து 8.30-க்கு வந்தது. அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் நெரிசல் குறைவு. இருபத்தைந்து நிமிடம் பிடித்த தூரத்தைப் பஸ் பதினைந்தில் கடந்துவிடும். அப்படியானால் 7.20-க்குக் கிளம்பினாலே போதுமே, பிள்ளைகள் இன்னும் பத்து நிமிடம் தூங்கலாமே என்று தோன்றும். ஆனால் 7.20-க்குக் கிளம்பும் பஸ் எட்டு மணிக்கு ரயில்வே கேட்டில் போய் நிற்கும். அது ரயிலுக்காகக் கேட் மூடியிருக்கும் நேரம். ஆகவே 7.10-க்கே கிளம்பி, 7.50-க்கு ஒன்பதாவது ஸ்டாப்பை முடித்து, கேட் மூடுவதற்குள் தாண்டியாக வேண்டும். அதன்பின் ரோடு காலியாக இருப்பதால் கடைசி ஸ்டாப்புக்கு 8.00, பள்ளிக்கு 8.05.

முதல் ஸ்டாப் முப்பது நிமிடம் முந்தியது. கடைசி ஸ்டாப்போ முப்பத்தைந்து நிமிடம் முந்திவிட்டது. அறிவிப்பை நம்பி 8.05-க்குக் கடைசி ஸ்டாப்பில் வந்து நிற்கும் குழந்தை நிற்கிற நேரத்தில், பஸ் பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து போட முடியாது. டிரைவர் புதிய நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் வேலைநாளில். ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து எடுக்கும் நேரம் பயன்படாது. எல்.கே.ஜி. குழந்தை பையோடு படியேறி உட்கார அரை நிமிடமாவது ஆகும். பதினான்கு ஸ்டாப்புக்கு அதுவே ஏழு நிமிடம். சோதனை ஓட்டத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த அரை நிமிடம் நின்று கிளம்பினால்தான் உண்மையான நேரம் கிடைக்கும்.

பஸ் தாமதமாக வருவதைவிடச் சீக்கிரம் வந்து போய்விடுவதுதான் ஆபத்து. தாமதமானால் குழந்தை காத்திருக்கும். முன்கூட்டியே போய்விட்டால், அப்பா பைக்கில் குழந்தையை ஏற்றிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புவரை துரத்துவார். எனவே அறிவித்த நேரத்துக்கு முன் எந்த ஸ்டாப்பிலிருந்தும் வண்டியை எடுக்கக் கூடாது என்று டிரைவருக்கும் உதவியாளருக்கும் சொல்லியிருக்க வேண்டும். பள்ளி வாகனத்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது 2012-இல் தமிழக அரசு கொண்டுவந்த சிறப்பு விதிகளிலேயே இருக்கிறது. புதிய நேரங்கள் அச்சிட்ட தாள் அவர் கையில் இருந்தால் பாதி குழப்பம் தீரும்.

அப்படியானால் பெற்றோருக்கு வரும் சர்க்குலரில் என்ன இருக்க வேண்டும்? அவரவர் ஸ்டாப்பின் பெயரோடு ஒரு வரி: ‘ரூட் 7, தண்ணீர்த் தொட்டி ஸ்டாப், காலை 8.35-க்குப் பதில் 8.00, மாலை 4.25-க்குப் பதில் 3.55, ஜூலை 7 திங்கள் முதல்.’ பழைய நேரமும் பக்கத்திலேயே இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். வெறும் ‘அடுத்த வாரம் முதல்’ என்று எழுதினால், வாட்ஸ்அப்பில் செய்தியை இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவர் வேறொரு வாரத்தை நினைத்துக்கொள்வார்.

மாலை நேரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் சிறு குழந்தைக்கு அதுதான் முக்கியம். நான்கு மணிக்கு வேலை முடிந்து கிளம்பும் அம்மாவால் 3.55-க்கு ஸ்டாப்பில் நிற்க முடியாது. யார் வந்து கூட்டிப்போவார், அவருடைய போன் எண் என்ன, யாரும் வராவிட்டால் குழந்தையைத் திரும்பப் பள்ளிக்கே கொண்டுபோவார்களா என்பதெல்லாம் மாற்றம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். சர்க்குலரின் அடியில் இதற்கென ஒரு பதில் சீட்டு வைத்துக் கையெழுத்து வாங்கும் பள்ளிகள் சரியாகச் செய்கின்றன. ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால்தான் பாட்டியையோ பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்ய முடியும்.

இவ்வளவு செய்தும் முதல் சில நாட்கள் இரண்டு மூன்று நிமிடம் முன்பின் ஆகும். உதவியாளர் தினமும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் வந்த நேரத்தை அந்தத் தாளிலேயே குறித்துவரட்டும். வாரக் கடைசியில் அதைப் பார்த்தால் எந்த ஸ்டாப்பின் நேரம் பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும். அந்த ஸ்டாப் பெற்றோருக்கு மட்டும் திருத்திய நேரத்தை அனுப்பினால் போதும்.