வழுக்காமல் உருள எங்கே அடிக்க வேண்டும்?

பில்லியர்ட்ஸ் பந்தின் நட்டநடுவில் கோலால் குத்தினால் அது உடனே உருண்டு ஓடுவதுபோல்தான் தெரியும். உண்மையில் முதலில் அது சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேசைத்துணியின் உராய்வு பந்தின் அடிப்பக்கத்தைப் பின்னுக்கு இழுக்க, மெல்ல மெல்லச் சுழற்சி பிறக்கிறது. விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்து, உராய்வுக் குணகம் 0.2 என்று கொண்டால், ஏறக்குறைய அரை மீட்டர் வழுக்கிய பிறகே சரியாக உருளும். அதற்குள் வேகம் விநாடிக்கு 1.43 மீட்டராகக் குறைந்திருக்கும்.

இந்த இழப்பே இல்லாமல் முதல் கணத்திலிருந்தே உருள வைக்க முடியுமா? பிரான்சின் கோரியோலிஸ் 1835-இல் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கணிதத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். சுழலும் பூமியில் காற்று விலகுவதை விளக்கும் விசைக்குப் பெயர் தந்த அதே கோரியோலிஸ்தான்.

விடை எளிது. கோல் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு விநாடி. அதற்குள் துணியின் உராய்வால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. எல்லாம் கோலின் உதையைப் பொறுத்ததே. எந்த உயரத்தில் உதைத்தாலும் அதே உதை அதே முன்வேகத்தைத்தான் தரும். சுழற்சி மட்டும் மையத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் (h) உதை விழுகிறதோ அதற்கேற்பக் கூடும். பந்தின் நிறை m, ஆரம் R, முன்வேகம் v, சுழல்வேகம் ω என்றால்:

m v h = (2/5) m R² ω

வழுக்காமல் உருள v = Rω ஆக வேண்டும். அதை இதில் இட்டால் h = 2R/5. பந்தின் எடையும் அடியின் பலமும் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகின்றன.

பூல் ஆட்டப் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். ஆகவே தொடவேண்டிய இடம் மையத்துக்கு 11.4 மி.மீ. மேலே, அதாவது மேசையிலிருந்து சரியாக 40 மி.மீ. உயரத்தில். அதற்கும் மேலே அடித்தால் சுழற்சி மிஞ்சிவிடும். உராய்வு இப்போது பந்தை முன்னுக்குத் தள்ளும், கிளம்பிய பிறகும் வேகம் சற்றுக் கூடும். ஆரத்தில் பாதியளவைத் தாண்டினால், சாக்கு தேய்த்த முனைகூட வழுக்கிவிடும். ஆக, உருளும் இடத்துக்கும் தவறும் இடத்துக்கும் நடுவே 3 மி.மீ. கூட இல்லை.

இன்னொரு சங்கடம், கோல் முனை வளைந்திருப்பது. பந்தைத் தொடுவது முனையின் நடுப்புள்ளி அல்ல, அதன் கீழ்ப்பக்கம். முனையின் வளைவு ஆரம் 10.6 மி.மீ. என்றால், கோலின் நடுக்கோடு மையத்துக்கு ஏறத்தாழ 15.7 மி.மீ. மேலே இருக்க வேண்டும். கோல் மேசைக்கு இணையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

சரியாக அடித்தோமா என்று பார்க்க, ஒரு கை நீளத்துக்கும் குறைவான தூரத்தில் இன்னொரு பந்தை வைத்து நேராக மோதவிடலாம். சுழலாமல் வழுக்கி வந்த பந்து மோதிய இடத்திலேயே நின்றுவிடும். உருண்டு வந்ததோ ஒரு கணம் தயங்கி, மிச்சச் சுழற்சியால் முன்வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு பெற்று, மற்றதன் பின்னாலேயே போகும்.