ஒன்றரை மில்லிமீட்டரின் விலை

போன ஞாயிறு சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டம் ஏறி, கல் படுக்கைகளைப் படம் எடுத்துட்டு இருந்தேன். மதியம் 2 மணிக்கே என் ஒல்லி போன் அணைந்துவிட்டது. வெயிலில் திரை முழு வெளிச்சத்தில் எரிந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும்தான். ஆனால் நண்பரின் தடி போன் மாலை வரை தாங்கியதே!

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 2025இல் வந்த சாம்சங் எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் 6.7 அங்குலத் திரைதான். பிளஸ் 7.3 மி.மீ. தடிமன், 4900 எம்ஏஎச் பேட்டரி. எட்ஜ் 5.8 மி.மீ., 3900 எம்ஏஎச். முன் கண்ணாடி, திரை, பின்மூடி இவற்றை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது. அதனால் தடிமனைக் குறைத்தால் அடி பெரும்பாலும் பேட்டரிக்குத்தான். எட்ஜில் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோ கேமராவும் கிடையாது.

லித்தியம் பேட்டரி சில வருடங்களில் தேய்ந்து 80 சதவீதத்துக்கு வருவது சகஜம். பிளஸ் அப்படித் தேய்ந்தால் 3920. அதாவது, தேய்ந்துபோன பிளஸ் எங்கே நிற்குமோ, அங்கேதான் எட்ஜ் புதுசா பெட்டியைத் திறக்கும்போதே நிற்குது. அதுவும் தேய்ந்தால் 3120.

எடையில் 27 கிராம் மிச்சம், உண்மைதான். நான் இப்போ பையில் தனியா தூக்கிட்டுப் போற பவர் பேங்க் 200 கிராமுக்கு மேல.