பணம் முதலில் வந்ததா, விலை முதலில் ஏறியதா?

போன மாதம் பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்தில் போனும் செய்தார். "டேய், இதப் பாத்தியா? ஒரே மாசத்துல இந்தத் தங்க ஈடிஎஃப்-க்குள்ள 150 கோடி போயிருக்காம். பெரிய ஆளுங்க விஷயம் தெரியாமலா போடுவாங்க? விலை இன்னும் ஏறும்னுதானே அர்த்தம்?" செய்தியின் அடியில் ஒரு டெலிகிராம் குழுவின் இணைப்பு இருந்தது. சந்தா கட்டினால் 'பணம் எங்கே பாய்கிறது' என்று தினமும் சொல்வார்களாம்.

அந்த 150 கோடி எப்படி வந்தது என்று பார்த்தேன். திட்டத்தின் மொத்தச் சொத்து மாதத் தொடக்கத்தில் 1,000 கோடி ரூபாய், முடிவில் 1,150 கோடி. செய்தி எழுதியவர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டார். ஆனால் அந்த மாதத்தில் தங்கத்தின் விலையே 10 சதவீதம் ஏறியிருந்தது. யாரும் ஒரு ரூபாய்கூடப் போடாமல் இருந்திருந்தாலும் 1,000 கோடி தானாகவே 1,100 கோடி ஆகியிருக்கும். புதிதாக வந்தது 50 கோடிதான்; மீதி 100 கோடி விலை ஏறியதன் நிழல். அந்த நிழலைக் காட்டித்தான் 'பணம் கொட்டுகிறது, அதனால் விலை ஏறும்' என்கிறார்கள். ஏறிய விலையையே ஏறப்போவதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள் என்று சொன்னதும், "அப்படியா சங்கதி" என்றார் பெரியப்பா.

ரூபாய்க்கணக்கை விட்டு எடைக்கணக்கைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. திட்டத்தின் பெட்டகத்தில் எத்தனை கிலோ இருந்தது, இப்போது எத்தனை கிலோ இருக்கிறது என்பதுதான் உண்மையான வரவும் போக்கும். அதிலும் ஒரு சின்னக் கழிவு உண்டு. உலகின் மிகப்பெரிய தங்க ஈடிஎஃப்-ஆன அமெரிக்காவின் எஸ்பிடிஆர் கோல்டு ஷேர்ஸ் ஆண்டுக்கு 0.40 சதவீதம் நிர்வாகச் செலவு பிடிக்கிறது. தங்கத்தை விற்றுத்தான் அந்தச் செலவைக் கொடுக்கிறது. 1,350 டன் வைத்திருந்த காலத்தில் இப்படி மட்டுமே ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கு மேல் குறையும். ஒருநாள் இருப்பு கால் டன் குறைந்ததும் 'முதலீட்டாளர்கள் ஓட்டம்' என்று தலைப்பு போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று, பங்குச்சந்தையில் நீங்கள் விற்ற யூனிட்டை நான் வாங்கினால் அது வரவும் அல்ல, போக்கும் அல்ல. பெட்டகத்தில் இருக்கும் தங்கம் அசையாது. வாங்க வருபவர்கள் அதிகமாகி, யூனிட்டின் சந்தை விலை உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பைவிட மேலே போனால்தான், பெரிய தரகு நிறுவனங்கள் தங்கத்தையோ பணத்தையோ திட்டத்திடம் கொடுத்து, புதிய யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்கும். அப்போதுதான் கணக்கில் 'வரவு' ஏறும். அதாவது ஆசை முதலில் விலையைத் தள்ளுகிறது, வரவு பிறகு பதிவாகிறது. நாள்கணக்கில் பார்த்தால் இந்த அளவுகோல் பிறக்கும்போதே கொஞ்சம் பின்தங்கித்தான் பிறக்கிறது.

சரி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்த்தால்? 2011 முதல் 2015 வரை நடந்ததைவிட நல்ல பாடம் இதற்கு இல்லை.

2011 செப்டம்பர் தொடக்கத்தில் தங்கம் அவுன்ஸுக்கு 1,900 டாலரைத் தொட்டது. அந்தச் சுற்றின் உச்சம் அதுதான். ஆனால் எஸ்பிடிஆர் திட்டத்தின் இருப்பு உச்சம் தொட்டது 2012 டிசம்பரில், சுமார் 1,353 டன். விலை உச்சத்துக்குப் பிறகு பதினைந்து மாதம்! அப்போது விலை 1,700 டாலர் அருகே இறங்கியிருந்தது. இருப்பு புதிய சாதனை படைத்ததைப் பார்த்து 'பெரிய ஆட்கள் சேர்க்கிறார்கள்' என்று அன்று வாங்கியவருக்கு என்ன ஆயிற்று என்பதை 2013 சொல்லிவிட்டது.

2013 ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டு வர்த்தக நாட்களில் தங்கம் 200 டாலர் அளவுக்குச் சரிந்தது. இங்கேதான் அளவுகோலின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உலகத் தங்கக் கவுன்சிலின் அன்றைய கணக்குப்படி, அந்த ஆண்டின் முதல் காலாண்டிலேயே உலகெங்கும் தங்க ஈடிஎஃப்-களிலிருந்து சுமார் 177 டன் வெளியேறியிருந்தது. அதாவது பெரும் சரிவுக்கு முன்பே வெளியேற்றம் தொடங்கிவிட்டது. 'பார்த்தீர்களா, முன்கூட்டியே காட்டியது' என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே மூன்று மாதங்களில் விலையும் மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் கைகோத்து இறங்கின என்பதுதான் நேர்மையான வாசிப்பு. இரண்டாம் காலாண்டில் 402 டன் போயிற்று, விலையும் ஜூன் இறுதியில் 1,200 டாலருக்குக் கீழே வந்தது. மூன்றாம் காலாண்டில் விலை மீண்டு 1,320 டாலரைத் தாண்டியது. அப்போதும் ஈடிஎஃப்-களிலிருந்து இன்னும் 119 டன் வெளியேறியது. பயந்தவர்கள் ஏறுமுகத்திலும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 2015 டிசம்பரில் விலை 1,050 டாலர் அருகே அடித்தளம் கண்டபோது, எஸ்பிடிஆர் இருப்பும் ஏறக்குறைய அதே நாட்களில் 630 டன் அளவில் அடியைத் தொட்டது. 2016 முதல் காலாண்டில் வரவும் விலையும் ஒன்றாகவே எகிறின. ஆக, உச்சத்தில் பின்தங்கியது, சரிவில் கூடவே ஓடியது, அடியில் அருகருகே நின்றது. இதில் எந்த இடத்திலாவது 'முந்திச் சொன்னது' என்று துணிந்து கைகாட்ட முடியுமா? என்னால் முடியவில்லை. அமெரிக்க வட்டி விகிதம், டாலரின் பலம், பயம் ஆகியவை சேர்ந்து விலையையும் அசைக்கின்றன, ஈடிஎஃப் வாங்குபவர்களின் கையையும் அசைக்கின்றன. ஒரே காற்றில் ஆடும் இரண்டு கிளைகளில் ஒன்று மற்றொன்றை ஆட்டுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம்.

அந்தக் கிளைகளும்கூட எப்போதும் சேர்ந்து ஆடுவதில்லை. 2023-இல் உலகத் தங்க ஈடிஎஃப்-களிலிருந்து 240 டன்னுக்கு மேல் வெளியேறியது. விலையோ 13 சதவீதம் அளவுக்கு ஏறியது. 2024 முதல் காலாண்டில் மேலும் நூறு டன்னுக்கு மேல் போயிற்று, தங்கம் புதிய உச்சம் தொட்டது. காரணம், வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு வாசல் வழியாக வந்தவர்கள். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் மத்திய வங்கிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. ஈடிஎஃப் கணக்கு அமெரிக்க, ஐரோப்பிய முதலீட்டாளர்களின் மனநிலையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. தங்கத்தின் மனநிலையை அல்ல. அதை மட்டும் நம்பி 2023-இல் விற்றவர்கள் ஒரு பெரிய ஏற்றத்தை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நம் ஊர்க் கணக்கு இன்னும் கறாரானது. இந்தியாவில் 2013-14 முதல் 2018-19 வரை ஆறு நிதியாண்டுகள் தொடர்ந்து தங்க ஈடிஎஃப்-களிலிருந்து பணம் வெளியேறியதாக ஆம்ஃபி தரவு சொல்கிறது. 2013-14-இல் மட்டும் 2,293 கோடி. விலை தூங்கிக்கிடந்த காலம் அது. 2019-இல் ரூபாய் விலை எகிறத் தொடங்கியது. 2019-20-இல்தான் 1,614 கோடி திரும்பி வந்தது. ஏற்றத்துக்கு முன்பு கிளம்பிப் போய், ஏறியபின் திரும்பி வந்தார்கள். ஆனால் அதையும் முழுக்க மனநிலை என்று படிக்க முடியாது. 2015 நவம்பரில் அரசின் தங்கப் பத்திரம் வந்தது, வட்டியும் கொடுத்தது. கொஞ்சம் பணம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். 2024 பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பத்திரம் புதிதாக வெளியிடப்படவில்லை. அதனால் அண்மையில் ஈடிஎஃப்-களுக்கு வருவதில் ஒரு பங்கு வெறும் இடமாற்றம்.

இந்திய வரவு இங்குள்ள விலையைத் தூக்குவதும் இல்லை. நம் விலை லண்டன் விலை, டாலருக்கு ரூபாய், இறக்குமதி வரி மூன்றும் சேர்ந்தது. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததும் தங்கம் உடனே சரிந்தது. யாரும் பணத்தை எடுத்ததால் அல்ல.

பெரியப்பா கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப இத எதுக்குத்தான் பாக்கறது?" கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கலாம். அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆம்ஃபி மாதாமாதம் நிகர வரவைத் தன் தளத்தில் இலவசமாகப் போடுகிறது. ஒவ்வொரு திட்டமும் தினமும் என்ஏவி-யை வெளியிடவேண்டும், மாதாமாதம் கையிருப்பையும் காட்டவேண்டும். இவை முதலீட்டாளரின் உரிமை.

கூட்டம் அதிகமான நாளில் பார்க்கவேண்டியது வேறொன்று: ஐஎன்ஏவி. அந்த நேரத்தில் யூனிட்டுக்குள் இருக்கும் தங்கத்தின் மதிப்பு அது; சந்தை நேரத்தில் திட்டத்தின் இணையதளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐஎன்ஏவி 100 ரூபாய், சந்தையில் 104 என்றால், தங்கம் ஒரு பைசா இறங்காமலே உங்களுக்கு நான்கு ரூபாய் நஷ்டம் காத்திருக்கிறது. 2025 அக்டோபரில் வெள்ளி ஈடிஎஃப்-களில் இந்த இடைவெளி பெரிதாகி, சில நிறுவனங்கள் வெள்ளி நிதித் திட்டங்களில் மொத்தத் தொகை வாங்குவதையே நிறுத்திவைத்தன. 'மார்க்கெட் ஆர்டர்' போடாமல், ஐஎன்ஏவி-யை ஒட்டி விலை குறித்து 'லிமிட் ஆர்டர்' போடுங்கள். நேர்மாறாக, யூனிட் தொடர்ந்து ஏழு வர்த்தக நாட்கள் என்ஏவி-யைவிட 1 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடியில் கிடந்தால், சிறு முதலீட்டாளரும் வெளியேறும் கட்டணமின்றி நேரடியாக நிதி நிறுவனத்திடமே திருப்பிக்கொடுக்கலாம். திட்ட ஆவணத்திலேயே எழுதியிருக்கும், படிப்பவர்தான் குறைவு.

திட்டமோ தரகரோ சரியாக நடக்கவில்லை என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு `scores.sebi.gov.in`. பதில் தர 21 நாள் கெடு உண்டு. ஆனால் செபி 2025 நவம்பரில் எச்சரித்தபடி, செயலிகளில் விற்கும் 'டிஜிட்டல் தங்கம்' அதன் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே பணம் மாட்டினால் இந்த வழி திறக்காது. ஆலோசனை விற்பவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆலோசகர் என்றால் INA என்றும், ஆய்வாளர் என்றால் INH என்றும் தொடங்கும். செபி தளத்தில் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாதவரிடம் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும்.

பெரியப்பா அந்தக் குழுவில் பதிவு எண் கேட்டார். பத்து நிமிடத்தில் அவரை வெளியேற்றிவிட்டார்கள். சந்தா கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாய்ப் போயிற்று.