நான்கு போல்ட்டுகளும் பத்து மில்லிமீட்டரும்

இரும்புச் சட்டகக் கட்டடங்களில் பீம் தூணோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தூணின் பக்கவாட்டில் ஒரு தட்டு செங்குத்தாக நிற்கும். அதைப் பட்டறையிலேயே வெல்டிங் செய்து அனுப்பிவிடுவார்கள். தளத்தில் கிரேன் பீமைத் தூக்கிப் பிடிக்க, பீமின் நடுத்தகட்டையும் தூண் தட்டையும் சேர்த்து போல்ட் முடுக்குவார்கள். எத்தனை போல்ட் என்பதை முடிவு செய்வது வடிவமைப்பாளரின் வேலை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ பீம், அதன் நடுத்தகட்டின் கனம் 8.9 மி.மீ., தூண் தட்டின் கனம் 10 மி.மீ. பாதுகாப்புப் பெருக்கமெல்லாம் சேர்த்த பிறகு பீமின் முனையிலிருந்து தூணுக்கு இறங்கும் பாரம் 120 கிலோநியூட்டன், அதாவது சுமார் 12 டன். போல்ட், 20 மி.மீ. விட்டமுள்ள 4.6 தரம். இந்தத் தர எண் போல்ட்டின் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் 4 என்றால் இழுவலிமை 400 மெகாபாஸ்கல்.

முதல் சோதனை வெட்டுவிசை. இரு தகடுகளும் எதிரெதிராக நகரப் பார்க்கும்போது, அவற்றுக்கு நடுவே போல்ட்டின் தண்டு அறுபடப் பார்க்கிறது. அந்த வெட்டுத்தளத்தில் மரை விழுந்திருந்தால் முழுப் பரப்பு கிடைக்காது. 314 சதுர மி.மீ. 245 ஆகிவிடும். தளத்தில் எந்த நீள போல்ட் வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மரைப் பரப்பையே எடுத்துக்கொள்வது நல்லது. ஐ.எஸ். 800:2007 விதிப்படி ஒரு போல்ட்டுக்கு 45.3 கிலோநியூட்டன் கிடைக்கும்.

அடுத்தது தாங்குவிசை. போல்ட் தாக்குப்பிடித்தாலும் அது அழுத்தும் துளையின் விளிம்பு நசுங்கலாம், அல்லது தகட்டின் ஓரம் வரை கிழிந்து போகலாம். துளை மையத்திலிருந்து ஓரம் வரை 40 மி.மீ., துளையின் விட்டம் 22 மி.மீ. என்றால், மெல்லியதான 8.9 மி.மீ. தகட்டில் ஒரு போல்ட்டுக்கு 88.4 கிலோநியூட்டன் வருகிறது. இரண்டில் குறைந்ததுதான் செல்லும், ஆகவே 45.3.

120-ஐ 45.3-ஆல் வகுத்தால் 2.65. மூன்று போல்ட் போதும் என்று தோன்றும். இங்கேதான் கால் இடறுகிறது.

பாரம் தூணின் முகத்தில் இறங்குகிறது. போல்ட் வரிசையோ அதிலிருந்து 60 மி.மீ. தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியால் 7.2 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புவிசை பிறந்து, போல்ட் கூட்டத்தையே அதன் மையத்தைச் சுற்றித் திருகப் பார்க்கிறது. மேலே உள்ள போல்ட் ஒரு பக்கமும் கீழே உள்ளது எதிர்ப்பக்கமும் கிடைமட்டமாகத் தள்ளப்படும். மையத்திலிருந்து தூரம் கூடக் கூட ஒரு போல்ட் ஏற்கும் பங்கும் கூடும்.

மூன்று போல்ட்டுகளை 60 மி.மீ. இடைவெளியில் வைத்தால், ஓரத்துப் போல்ட்டில் நேர்ப்பாரம் 40, திருப்புவிசையின் பங்கு 60. இரண்டும் செங்குத்தானவை என்பதால் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்: 72. தாங்குவது 45.3 மட்டுமே. சரி, நான்காக்கினால்? 30-ம் 36-ம் சேர்ந்து 46.9. மயிரிழையில் தவறுகிறது!

ஐந்தாவது போல்ட்டைச் சேர்க்கலாம், வேலை முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன், அதே நான்கை 70 மி.மீ. இடைவெளிக்கு விரித்துப் பார்க்க வேண்டும். மேல், கீழ் போல்ட்டுகள் மையத்திலிருந்து 90-க்குப் பதில் 105 மி.மீ. தள்ளிப் போவதால், திருப்புவிசையின் பங்கு 36-லிருந்து 30.9 ஆகிறது. கூட்டு விசை 43.0. தேறிவிட்டது. தட்டு 290 மி.மீ. உயரம் வேண்டும், இந்த பீமுக்குள் அது அடங்கும்.

தரத்தைக் கூட்டினால் எல்லாம் தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். 8.8 தர போல்ட் போட்டால் வெட்டுவிசைத் திறன் இரட்டித்து 90.5 ஆகும். ஆனால் துளை விளிம்பின் 88.4 அப்படியேதான் இருக்கிறது. இனி பலவீனம் போல்ட்டில் இல்லை, தகட்டில். 4 மி.மீ. நடுத்தகடு கொண்ட மெல்லிய பீமாக இருந்தால் இந்த எண் 40-க்கும் கீழே போய்விடும். நாம் கண்ட 43-ஐ அது தாங்காது. அப்போது எத்தனை உயர்ந்த போல்ட் வாங்கினாலும் காசு வீண்தான்.

இந்தக் கணக்கு, போல்ட்டுகள் மீள்தன்மையோடு ஒரே சீராக வேலை செய்வதாக எடுத்துக்கொள்ளும் பழைய முறை. உண்மையில் ஓரத்துப் போல்ட் கொஞ்சம் நெகிழ்ந்து, சுமையை மற்றவற்றுக்குப் பகிர்ந்துவிடும். அதையும் கணக்கில் எடுக்கும் சுழல்மைய முறையை அமெரிக்கக் கையேடுகள் பயன்படுத்துகின்றன. அதில் பெரும்பாலும் சற்றுக் கூடுதல் திறன் கிடைக்கும். கையால் போட வேண்டுமானால் பழைய முறையே சுலபம், பாதுகாப்பும்கூட.

காகிதத்தில் தேறியது தளத்தில் கெடுவதும் உண்டு. துளைகள் பொருந்தாதபோது கேஸ் கட்டரால் துளையை நீட்டிவிடுவார்கள். ஓரத்துக்கு 40 மி.மீ. இருந்த இடம் 25 ஆகிவிட்டால், இந்த உதாரணத்தில் தாங்குவிசை சுமார் 55 ஆகக் குறைகிறது. 43-ஐ விட அது அதிகம்தான் என்றாலும், விதி கேட்கும் குறைந்தபட்ச ஓர தூரம் 33 மி.மீ. என்பதால் அந்த இணைப்பு நிராகரிக்கப்பட வேண்டும். மேலும், சுடரால் அறுத்த கரடுமுரடான துளையில் எல்லா போல்ட்டும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடாது. முதலில் தொட்டது கூட்டத்தின் சுமையைச் சுமக்கும். பழுதான இணைப்பைப் பிரிக்கும்போது துளை முட்டை வடிவில் இழுபட்டிருந்தால் தகடு நசுங்கியது என்றும், போல்ட் மழுங்கிய முகத்தோடு இரண்டாகக் கிடந்தால் வெட்டுப்பட்டது என்றும் புரிந்துகொள்ளலாம்.