மண்ணால் செய்த வேலைக்காரன்

களிமண்ணைப் பிசைந்து ஆள் உருவம் செய்து, எழுத்துகளின் ஆற்றலால் அதற்கு உயிரூட்டி வேலை வாங்கியதாகச் சொல்லும் கதைகள் யூத மரபில் பல நூற்றாண்டுகளாக வழங்குகின்றன. அந்த உருவத்தின் பெயர் கோலெம். கிரேக்கக் கதையில் கிரீட் தீவைக் காவல் காத்த தாலோஸ் வெண்கலத்தால் ஆனவன். அவனைச் செய்தவன் கொல்லர்களின் தெய்வமான ஹெஃபைஸ்டோஸ் என்பார்கள். கோலெமைச் செய்பவரோ வேதம் கற்ற ரப்பி. உலகமே எபிரேய எழுத்துகளால் படைக்கப்பட்டது என்கிறது ‘சேஃபர் யெட்சிரா’ என்ற பழைய நூல். அந்த எழுத்துகளை முறையாகச் சேர்க்கத் தெரிந்தவர் மண்ணையும் எழுப்பலாம் என்பது நம்பிக்கை.

பாபிலோனியத் தால்முதிலேயே இதற்கு வித்து இருக்கிறது. ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து, ரப்பி ஜெய்ராவிடம் அனுப்புகிறார். ஜெய்ரா பேச்சுக் கொடுக்கிறார், பதில் இல்லை. வந்திருப்பது படைக்கப்பட்ட உருவம் என்று கண்டுகொண்டு, மண்ணுக்கே திரும்பிப் போகச் சொல்கிறார். சொன்னதைச் செய்யும், ஆனால் பேசாது என்பதே பிற்காலக் கோலெம்கள் பெரும்பாலானவற்றுக்கும் அடையாளமாயிற்று.

செய்முறையும் எழுதிவைக்கப்பட்டது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த எலியாசர், யாரும் வெட்டியெடுக்காத மலை மண்ணை ஓடும் நீரில் பிசைய வேண்டும், ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய எழுத்துச் சேர்க்கைகளை ஓத வேண்டும் என்கிறார். வீட்டு வேலைக்கு ஆள் தேடியவர்களுக்காக எழுதியதல்ல இது. படைப்பின் இரகசியத்தை உணர்வதற்கான சாதனையாகவே அவர்கள் இதைக் கருதியதாகத் தெரிகிறது.

வேலைக்காரக் கோலெம் பின்னால்தான் வருகிறது. போலந்தின் ஹெல்ம் நகரில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பி எலியாவைப் பற்றிய கதை இது. அவருடைய கோலெமின் நெற்றியில் ‘எமெத்’, அதாவது உண்மை, என்று எழுதியிருந்தது. வீட்டு வேலையெல்லாம் செய்தது. நாளுக்கு நாள் வளரவும் செய்தது. முதல் எழுத்தை அழித்தால் மிஞ்சுவது ‘மெத்’. அதற்கு இறந்தவன் என்று பொருள். கோலெம் மண்ணாகிவிடும். ஆனால் நெற்றி எட்டவில்லை. தன் காலணியைக் கழற்றும்படி ரப்பி ஏவினார். குனிந்ததும் எழுத்தை அழித்தார். சரிந்த மண் அவர் மேலேயே விழுந்து அவரை நசுக்கியது. 1674ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் இக்கதை வருகிறது. வேறொரு வடிவில் ரப்பி முகத்தில் கீறலோடு தப்புகிறார்.

இன்று உலகறிந்தது பிராக் நகர ரப்பி யூதா லோவின் கோலெம்தான். அவர் 1609இல் இறந்தார். அவரைக் கோலெமோடு இணைக்கும் கதை அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். பொய்ப்பழியிலிருந்து யூதர்களைக் காக்க 1580இல் அவர் அதைச் செய்தார் என்ற விரிவான கதையை, பழைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி 1909இல் வெளியிட்டவர் யூதெல் ரோசன்பெர்க். அது பெரும்பாலும் அவருடைய கற்பனையே என்பது ஆய்வாளர் முடிவு. லோவின் காலத்தில் அதே நகரில் வாழ்ந்த தாவீது கான்ஸ் 1592இல் வெளியிட்ட வரலாற்று நூலில் லோவைப் புகழ்கிறார். பேரரசர் ருடால்ஃபை அவர் சந்தித்ததையும் சொல்கிறார். கோலெமைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.